எந்த மேஜையில் நிற்கிறது ஃபெலோஷிப்?

யுஜிசி-நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கிவிட்டால் ஐந்து வருடத்துக்குப் பணக் கவலை இல்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. 2023 ஜனவரி 1 முதல், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அதன்பின் எஸ்ஆர்எஃப் ஆக உயர்ந்தால் மாதம் 42,000 ரூபாய். விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. ஆண்டுக்கு ஒருமுறை புத்தகம், பயணம், ஆய்வகப் பொருட்கள் வாங்கச் சில்லறைச் செலவுத் தொகையும் உண்டு.

தொகையில் குழப்பமில்லை. அது எந்தத் தேதியில் வரும் என்பதில்தான் குழப்பம். மூன்று மாதம், நான்கு மாதம் ஒன்றுமே வராமல் இருந்துவிட்டு, ஒரு நாள் மொத்தமாக வந்து விழும். சம்பளம் தாமதமானால் வேறு வேலைக்குப் போகலாம். ஃபெலோஷிப் வாங்குகிறவர் முழுநேர ஆய்வாளர். சம்பளம் வரும் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. ஆக, அந்த மாதங்களில் மெஸ் பில்லும் அறை வாடகையும் அப்பாவின் சேமிப்பிலிருந்தோ நண்பரின் கைமாற்றிலிருந்தோதான் போகின்றன. முப்பதை நெருங்கும் வயதில், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர் வீட்டுக்கு போன் போட்டுப் பணம் கேட்பதில் இருக்கும் கூச்சத்தை எந்தச் சுற்றறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "யுஜிசிலேருந்து வரலம்மா, வந்தா தானா ஏறிடும்." வங்கியில் கேட்டால், "யுனிவர்சிட்டி கன்ஃபர்ம் பண்ணலையே" என்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பணம் வரும் வழி தெரியாமல் கேட்கும் கேள்விக்கு அப்படித்தான் பதில் வரும்.

வழி இதுதான். யுஜிசியின் ஜேஆர்எஃப் பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வந்து, அங்கிருந்து மாணவருக்குப் போவதில்லை. நேராக ஆய்வாளரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. இதற்காகக் கனரா வங்கி நடத்தும் இணையதளம் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒருவர் 'மேக்கர்'. அவர் ஆய்வாளரின் விவரங்களை ஏற்றுவார். இன்னொருவர் 'செக்கர்', அவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். ஒருமுறை ஏற்றினால் முடிந்தது என்றும் இல்லை. இந்த ஆய்வாளர் இந்த மாதமும் ஆய்வைத் தொடர்கிறார் என்று மாதாமாதம் உறுதிப்படுத்த வேண்டும். அந்த உறுதி போன பிறகுதான் யுஜிசி தரப்பில் பட்டியல் தயாராகி, அரசின் பணப் பரிமாற்ற அமைப்பான பிஎஃப்எம்எஸ் வழியாகத் தொகை இறங்கும்.

ஆகவே இந்த ஃபெலோஷிப்பைப் பொறுத்தவரை பல்கலைக்கழகம் பணம் கொடுப்பதில்லை. பணம் போகலாம் என்று கையெழுத்துப் போடுகிறது. அந்தக் கையெழுத்து விழாவிட்டால் டெல்லியில் கஜானா நிறையப் பணம் இருந்தாலும் ஒரு பைசா வராது. "எப்போது பணம் தருவீர்கள்?" என்று பல்கலைக்கழகத்திடம் கேட்பவருக்கு நேர்மையான பதில்கூடக் கிடைக்காமல் போவது இதனால்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த மாதத்துக்கான உறுதிப்படுத்தலை நீங்கள் எந்தத் தேதியில் செய்தீர்கள்?" இதற்கு ஒரு தேதி பதிலாக வரும், அல்லது செய்யவில்லை என்பது வெளியே வரும்.

அலுவலகப் படி ஏறுவதற்கு முன்னால் ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விடுதியிலேயே உட்கார்ந்து விசாரித்து முடித்துவிடலாம். அதே பல்கலைக்கழகத்தில் அதே ஃபெலோஷிப் வாங்கும் இரண்டு மூன்று பேரிடமும், வேறு ஊரில் படிக்கும் நண்பர் ஒருவரிடமும், "உனக்கு எந்த மாதம் வரை வந்திருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் வந்து ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால், சிக்கல் அந்த ஒருவரின் விவரத்தில் இருக்கிறது. ஆதார் எண் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்காது. அல்லது ஆதார் வேறொரு பழைய கணக்கோடு இணைந்திருந்து, பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். பள்ளிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் பணம் கிடப்பது அபூர்வமல்ல. எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை myaadhaar.uidai.gov.in தளத்தில் அவரவரே பார்த்துக்கொள்ளலாம். அதுவும் சரியாக இருந்தால், ஜேஆர்எஃப்பிலிருந்து எஸ்ஆர்எஃப்புக்கு மாறும் கட்டத்தில் ஏதோ நின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் வரவில்லை, வெளியூர் நண்பருக்கு வந்துவிட்டது என்றால், கோளாறு மேக்கர்-செக்கர் மட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமாக இருக்கும். செக்கராக இருந்தவர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது வேறு பிரிவுக்கு மாற்றலாகியிருப்பார். அடுத்தவர் பெயரில் அந்தப் பொறுப்பு இன்னும் மாறியிருக்காது. ஒரே ஒரு ஆளின் கடவுச்சொல்லை நம்பி அத்தனை பேருடைய மாதச் செலவும் நிற்பது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பது அப்போதுதான் புரியும்.

நாடு முழுக்க யாருக்குமே வரவில்லை என்றால், நிதி மேலேயே நின்றிருக்கிறது. அப்போது உள்ளூர் அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனாலும் அவர் அந்த மாதங்களின் உறுதிப்படுத்தலைத் தவறாமல் செய்து வைத்திருக்கிறாரா என்பதை மட்டும் கேட்டுவிடுவது நல்லது. மேலே நிதி திறக்கும் நாளில் உறுதி இல்லாத பெயர்கள் மறுபடியும் அடுத்த பட்டியலுக்குத் தள்ளிப்போகும்.

இந்த மூன்றாவது வகைக்கு அண்மைக் காலத்தில் உதாரணங்கள் உண்டு. பட்டியல் சாதி, இதர பிற்படுத்தப்பட்டோர் மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப்புகளையும், சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பையும் முன்பு யுஜிசியே நடத்திவந்தது. 2022-ல் அவற்றின் நிர்வாகம் அந்தந்த அமைச்சகங்களின் கீழுள்ள நிறுவனங்களுக்குக் கைமாறியது. அதே ஆண்டு டிசம்பரில் மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பைப் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று மத்திய அரசு மக்களவையில் அறிவித்தது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் காலம் முடியும்வரை தொடரும் என்றது. அந்தத் தொடர்ச்சி சீராக நடக்கவில்லை. 2025-ல் பல மாதங்கள் பணமே வரவில்லை என்று ஆய்வாளர்கள் அமைச்சகத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு எந்த ஃபெலோஷிப், அதை இன்று நடத்துவது யார் என்பதே தெரியாமல் பழைய முகவரிக்கு எழுதிய மனுக்கள் எத்தனையோ வீணாயிருக்கும்.

இனி ஒரு கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட உதாரணம்தான் இது. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு முடிச்சும் ஆய்வாளர்கள் அன்றாடம் சந்திப்பது.

தமிழ்நாட்டின் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வு செய்யும் மாணவி. 2023 ஜூலை 1 அன்று ஜேஆர்எஃப்பாகச் சேர்ந்தார். 2025 ஜூன் வரை பணம் ஒழுங்காக வந்தது. ஜூன் 30-ஓடு இரண்டு ஆண்டு முடிகிறது. ஜூலையிலிருந்து அவர் எஸ்ஆர்எஃப் ஆக வேண்டும். அது தானாக நடப்பதில்லை. மூன்று பேர் கொண்ட குழு கூடி, அவருடைய இரண்டு ஆண்டு வேலையைப் பார்த்து, உயர்த்தலாம் என்று பரிந்துரைக்க வேண்டும். குழுவில் வெளியிலிருந்து ஒரு வல்லுநரும் இருப்பார். வெளிவல்லுநருக்குத் தேதி ஒத்துவராமல் குழு ஆகஸ்ட் கடைசியில்தான் கூடியது. பரிந்துரை கிடைத்தது. அக்டோபர் முதல் வாரம் வந்தும் பணம் வரவில்லை.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என மூன்று மாதங்கள். மாதம் 42,000 வீதம் 1,26,000 ரூபாய், வாடகைப்படி தனி. துறையில் உள்ள மற்ற ஜேஆர்எஃப்களுக்கு ஆகஸ்ட் வரை வந்திருக்கிறது. ஆக, சிக்கல் இவருடைய விவரத்தில்தான் என்பது அலுவலகத்துக்குப் போகும் முன்பே தெரிந்துவிட்டது.

பிரிவு எழுத்தர், "கமிட்டி ரிப்போர்ட் வந்தாத்தான் ஏத்த முடியும்மா" என்றார். துறைத்தலைவர் அலுவலகத்தில் கேட்டால், ரிப்போர்ட் செப்டம்பர் 8-ஆம் தேதியே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அனுப்பிய எண்கூட இருக்கிறது. பதிவாளர் அலுவலகத்தில் ஃபைல் இருந்தது. ஆனால் எஸ்ஆர்எஃப் ஆக உயர்த்தும் ஆணை இன்னும் கையெழுத்தாகவில்லை. அந்த ஆணை இல்லாமல் மேக்கர் ஏற்ற மாட்டார். மேக்கர் ஏற்றாமல் செக்கருக்கு வேலையில்லை. இரண்டும் இல்லாமல் யுஜிசி பட்டியலில் அவர் பெயர் ஏறாது. மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அது யாருடைய கையெழுத்து என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இந்த இடத்தில் கைடைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஆய்வாளர்கள் எழுதிக் கேட்கத் தயங்குவதற்குக் காரணம் அலுவலகம் அல்ல. புகார் செய்தோம் என்று கைடு நினைத்துவிடுவாரோ, துறைத்தலைவர் முகம் சுளிப்பாரோ, நாளைக்கு ஆய்வேட்டில் கையெழுத்து வாங்கும்போது இது நினைவுக்கு வருமோ என்ற பயம்தான். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கடிதம் போவதற்கு முன்னால், "சார், ஆணை எப்போ ரெடி ஆகும்னு கேட்டு எழுதப் போறேன், உங்களுக்கும் ஒரு காப்பி வைக்கிறேன்" என்று கைடிடம் சொல்லிவிடுவது நல்லது. பல கைடுகள் அதன்பின் தாமாகவே பதிவாளருக்கு போன் செய்துவிடுகிறார்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? கஷ்டத்தை விவரிக்கும் கடிதங்களுக்கு அனுதாபம் கிடைக்கும்; தேதி கிடைக்காது. மூன்று விஷயங்களை மட்டும் கேட்கும் சிறிய கடிதமே வேலை செய்யும். நம் மாணவியின் கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் தாவரவியல் துறையில் யுஜிசி ஜேஆர்எஃப் ஆய்வாளராக 1.7.2023 முதல் ஆய்வு செய்து வருகிறேன். ஃபெலோஷிப் எண்ணும் விருது ஆணையின் நகலும் இத்துடன் உள்ளன. என்னை எஸ்ஆர்எஃப் ஆக உயர்த்தலாம் என்ற குழுப் பரிந்துரை 8.9.2025 அன்று தங்கள் அலுவலகத்துக்கு வந்துள்ளது. ஜூலை 2025 முதல் எனக்கு உதவித்தொகை வரவில்லை. உயர்த்தும் ஆணை எந்தத் தேதிக்குள் வெளியாகும், அதை இணையதளத்தில் ஏற்றி ஒப்புதல் அளிக்கும் வேலை எந்தத் தேதிக்குள் முடியும், இதில் என் தரப்பில் ஏதேனும் ஆவணம் குறைகிறதா என்பதை இந்தக் கடிதம் கிடைத்த பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். இதில் பல்கலைக்கழகத்தால் சொல்ல முடியாத எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் கணக்கில் ஏறும் நாளைப் பதிவாளரால் உறுதியாகச் சொல்ல முடியாது; அது டெல்லியின் பட்டியலைப் பொறுத்தது. தன் மேஜையிலிருந்து ஃபைல் நகரும் தேதியை அவரால் சொல்ல முடியும். அந்தத் தேதியைத்தான் கேட்கிறோம்.

கடிதத்தை நேரில் கொடுப்பதென்றால் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பிரிவு மேஜையில் வைத்துவிட்டு வந்த கடிதம் வந்ததாகவே கணக்கில்லை. அதே நாளில் அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, நிதி அலுவலர், துறைத்தலைவர், கைடு ஆகியோருக்கு நகல் வைத்துவிடலாம். போனில் யாராவது "அடுத்த வாரம் முடிஞ்சிடும்" என்று சொன்னால், அன்றே இரண்டு வரி மின்னஞ்சல்: "இன்று காலை தங்கள் பிரிவில் தெரிவித்தபடி, ஆணை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வெளியாகும் என எடுத்துக்கொள்கிறேன்." வாய்ச்சொல்லாக இருந்தது அந்த இரண்டு வரியில் ஆவணமாகிவிடுகிறது. சண்டை இல்லை, குரல் உயர்த்தவும் இல்லை.

பத்து நாளில் பதில் வராவிட்டால்? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது. 2023 ஏப்ரலில் யுஜிசி வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள், தகுதியுள்ள மாணவருக்கு உதவித்தொகையைக் கொடுக்காமலிருப்பதையும் தாமதிப்பதையும் வெளிப்படையாகவே 'குறை' என்று வகைப்படுத்துகின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்து 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தருவது முறை. அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும். பதிவாளருக்கு எழுதிய கடிதமும் முத்திரை நகலும் கையில் இருந்தால் இந்தப் புகாருக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

இதற்கு இணையாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாட்களில் பதில். ஆனால் அதில் "ஏன் தாமதம்?" என்று கேட்டால், விளக்கம் தரச் சட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதை மட்டுமே கேட்க வேண்டும். குழு அறிக்கை எந்தத் தேதியில் பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தது, அந்த ஃபைல் அதன்பின் எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, ஃபைலில் எழுதிய குறிப்புகளின் நகல். இந்த மூன்றையும் கேட்டாலே தாமதம் யாரிடம் என்பது தேதிவாரியாக வெளிவந்துவிடும். அப்படி வெளிவரும் என்று தெரிந்தவுடன் பல ஃபைல்கள் பதில் எழுதுவதற்கு முன்பே நகர்ந்துவிடுகின்றன. தகவல் உரிமை மனுவின் உண்மையான பலன் பெரும்பாலும் அதுதான்.

தாமதம் யுஜிசி தரப்பில்தான் என்று தேதிகளோடு உறுதியானால், pgportal.gov.in தளத்தில் மத்திய அரசுக்கான புகார் பதியலாம். பல்கலைக்கழகம் எந்தெந்தத் தேதிகளில் உறுதிப்படுத்தியது என்ற விவரம் இல்லாமல் அங்கே போனால், "பல்கலைக்கழகத்தை அணுகவும்" என்ற ஒற்றை வரியோடு புகார் மூடப்படும். முதல் மேஜையில் தேதி வாங்கிய பிறகு அடுத்த மேஜைக்குப் போவது இதற்காகத்தான்.

இதுவரை சொன்னது யுஜிசியின் நேரடி ஃபெலோஷிப். பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களில் சேர்ந்து 'புராஜெக்ட் ஜேஆர்எஃப்' ஆக இருப்பவர்களின் கதை வேறு. அங்கே பணம் உண்மையிலேயே பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் வருகிறது. முந்தைய ஆண்டுப் பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் திட்டத்தை நடத்தும் பேராசிரியரும் நிதி அலுவலரும். ஆகவே அங்கே கேட்க வேண்டியது: தவணை வந்துவிட்டதா, எந்தத் தேதியில்? வரவில்லையென்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் எந்தத் தேதியில் போனது? தவணை வந்துவிட்டது என்றால், பணம் வழங்கும் தேதியையே திட்டவட்டமாகக் கேட்கலாம். பணம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும்போது "டெல்லியிலிருந்து வரவில்லை" என்ற பதிலுக்கு இடமில்லை.

நம் மாணவிக்குத் திரும்புவோம். கடிதம் போன பிறகு, ஆணை அக்டோபர் 15-க்குள் வெளியாகும், 18-க்குள் ஏற்றப்படும் என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். 18-ஆம் தேதி அவர் பிரிவுக்குப் போய், ஏற்றியாகிவிட்டதா என்று மட்டுமல்ல, செக்கர் ஒப்புதல் கொடுத்துவிட்டாரா, ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதங்களுக்கும் தனித்தனியாக உறுதிப்படுத்தல் போயிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அக்டோபர் மாதத்துக்கு மட்டும் உறுதி கொடுத்துவிட்டு, பழைய மாதங்களை மறந்துவிடுவது மிக அடிக்கடி நடக்கிறது. பின்னால் அதற்கு வேறொரு ஃபைல் போட வேண்டியிருக்கும்.

பணம் ஏறும் நாளில் சந்தோஷத்தில் ஒரு வேலை விட்டுப்போய்விடக் கூடாது. வந்த தொகையை மாதக் கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கும் 37,000 வீதமே வந்திருந்தால், மாதம் 5,000 வீதம் 15,000 ரூபாய் நிலுவை. வாடகைப்படியும் பழைய 37,000-க்குக் கணக்கிட்டதாக இருக்கலாம். நிலுவை என்று தெரிந்த அன்றே அதே பதிவாளருக்கு, முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, "எஸ்ஆர்எஃப் வித்தியாசத் தொகையை ஏற்றும் தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று அடுத்த கடிதம் போய்விட வேண்டும்.